பல துருவங்கள் உள்ள கான்டூர் தொகை: எது உள்ளே, எது வெளியே?

கேள்வி: ∮ (z+1) / [(z−1)²(z²+4)] dz என்ற தொகையை |z − i| = 2 என்ற வட்டத்தின் மேல் காண வேண்டும். கோஷி தொகைச் சூத்திரத்தில் ஒரே ஒரு a தான் இருக்கிறது, இங்கே மூன்று துருவங்கள் வருகின்றன. எது உள்ளே, எது வெளியே என்று எப்படி உறுதியாகச் சொல்வது? இரண்டு துருவங்கள் உள்ளே விழுந்தால் சூத்திரத்தை எப்படிப் போடுவது? வட்டத்துக்குப் பதில் முக்கோணம் கொடுத்தால் என்ன செய்வது?

பதில்:

முதலில் சூத்திரத்தின் நிபந்தனையைப் பார்த்துவிடுவோம். C என்ற மூடிய வளைவரையின் மேலும் அதன் உள்ளேயும் f பகுமுறைச் சார்பாக இருந்து, a என்ற புள்ளி C-க்கு உள்ளே இருந்தால், C-யை இடஞ்சுழியாக ஒருமுறை சுற்றும்போது

∮ f(z)/(z−a) dz = 2πi f(a)

∮ f(z)/(z−a)² dz = 2πi f′(a)

பொதுவாக, பகுதியில் (z−a)ⁿ⁺¹ இருந்தால் விடை (2πi/n!) f⁽ⁿ⁾(a).

இதில் பெரும்பாலோர் f(a) என்ற விடையை மனத்தில் வைத்துக்கொண்டு, "f உள்ளே எங்கும் கெடக்கூடாது" என்ற நிபந்தனையை விட்டுவிடுகிறார்கள். கணக்கில் f என்று தனியாக எதுவும் தரப்படுவதில்லை. ஒரு பின்னம் தரப்படுகிறது. அதில் எந்தக் காரணியை (z−a) என்று கீழே நிறுத்துவது, எதையெல்லாம் f-க்குள் போடுவது என்பதை நாம்தான் தீர்மானிக்கிறோம். துருவம் வெளியே இருந்தால் அதன் காரணி f-க்குள் போகலாம், ஏனென்றால் அது C-க்கு உள்ளே எந்தக் கெடுதலும் செய்யாது. துருவம் உள்ளே இருந்தால் அதை அப்படியே f-க்குள் போட முடியாது. ஆகவே "உள்ளே எது, வெளியே எது" என்ற கேள்விக்கு விடை தெரியாமல் f என்ன என்று எழுதவே முடியாது. வரிசை இதுதான்: துருவங்களைக் கண்டுபிடி, இடத்தைப் பார், பிறகு f-ஐ எழுது.

துருவங்களைக் கண்டுபிடித்தல்

பகுதியை முழுமையாகக் காரணிப்படுத்துங்கள். z² + 4 = (z − 2i)(z + 2i). ஆகவே துருவங்கள் மூன்று: z = 1 (இரட்டைத் துருவம்), z = 2i, z = −2i (இரண்டும் எளிய துருவங்கள்). z² + 4-ஐ உடைக்காமல் அப்படியே f-க்குள் விட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. அதில் இரண்டு துருவங்கள் ஒளிந்திருக்கின்றன; ஒன்று உள்ளேயும் மற்றது வெளியேயும் இருக்கக்கூடும். இந்தக் கணக்கில் அதுதான் நடக்கப்போகிறது.

இந்தப் படியில் இன்னும் இரண்டைக் கவனிக்க வேண்டும். ஒன்று, முதன்மைக் கெழு. 2z² + 5z + 2-ன் மூலங்கள் −1/2, −2 என்பதால் அதை (z + 1/2)(z + 2) என்று எழுதிவிட்டால் விடை இரண்டு மடங்காகிவிடும். 2(z + 1/2)(z + 2) என்பதே சரி. மூலங்களைச் சூத்திரம் வைத்துக் கண்டுபிடிப்பவர்கள் இந்த 2-ஐத் தவறவிடுவது வழக்கம். இன்னொன்று, தொகுதியும் அதே புள்ளியில் பூச்சியமாகிறதா என்பது. sin z / z-க்கு z = 0-ல் துருவமே கிடையாது. நம் கணக்கில் தொகுதி z + 1. அது −1-ல்தான் பூச்சியமாகிறது, அங்கே துருவம் இல்லை. எனவே எதுவும் அடிபடவில்லை, மூன்று துருவங்களும் உண்மையானவை.

வட்டத்துக்கு உள்ளே இருப்பதைச் சோதித்தல்

|z − c| = r என்றால் மையம் c, ஆரம் r. ஒரு துருவம் a உள்ளே இருக்கிறதா என்று பார்க்க |a − c|-ஐ r-உடன் ஒப்பிட வேண்டும். |a|-ஐ அல்ல. இந்த ஒரு குழப்பம் இந்தக் கணக்கில் என்ன செய்கிறது பாருங்கள்: |2i| = 2, |−2i| = 2, ஆரமும் 2. ஆகவே "இரண்டு துருவங்களும் வட்டத்தின் மேலேயே இருக்கின்றன" என்று எழுதத் தோன்றும். அது |z| = 2 என்ற வேறொரு வட்டத்துக்கான முடிவு. நம் வட்டத்தின் மையம் ஆதிப்புள்ளி அல்ல, i.

சரியான தூரங்கள் இவை. வர்க்கமூலத்தைத் தவிர்க்க வர்க்கங்களையே ஒப்பிடலாம்; r² = 4.

z = 1-க்கு: |1 − i|² = 1 + 1 = 2. இது 4-ஐ விடச் சிறியது, எனவே உள்ளே.

z = 2i-க்கு: |2i − i|² = |i|² = 1. உள்ளே.

z = −2i-க்கு: |−2i − i|² = |−3i|² = 9. இது 4-ஐ விடப் பெரியது, எனவே வெளியே.

வர்க்கங்களை ஒப்பிடுவதில் ஒரு நன்மை உண்டு. எல்லைக்கு மிக அருகில் உள்ள துருவத்தைத் தசமத்தில் தோராயமாக்கினால் முடிவு மாறிப்போகலாம். வர்க்கத்தில் பெரும்பாலும் முழு எண்களையோ பின்னங்களையோதான் ஒப்பிடுகிறோம், அங்கே ஐயத்துக்கு இடமில்லை. படம் வரைவது நல்லதுதான், ஆனால் படம் ஊகத்துக்கு, கணக்கு முடிவுக்கு.

வட்டத்தைப் பல வேடங்களில் கொடுப்பார்கள். |z + i| = 2 என்றால் மையம் −i; குறியைத் திருப்ப மறந்தால் உள்ளும் வெளியும் இடம் மாறிவிடும். நம் கணக்கிலேயே வட்டம் |z + i| = 2 ஆக இருந்தால் −2i உள்ளே வந்து 2i வெளியே போய்விடும். |2z − 1| = 3 என்றால் 2-ஐ வெளியே எடுத்து |z − 1/2| = 3/2 என்று எழுத வேண்டும்: மையம் 1/2, ஆரம் 3/2. x² + y² − 2x = 0 என்றால் வர்க்கம் நிறைவு செய்து (x − 1)² + y² = 1.

இரண்டு துருவங்கள் உள்ளே இருக்கும்போது

இப்போது 1-உம் 2i-உம் உள்ளே, −2i வெளியே. f(z) = (z+1)/(z²+4) என்று வைத்து 2πi f′(1) என்று முடித்துவிட முடியாது, ஏனென்றால் அந்த f-க்கு 2i-ல் துருவம் இருக்கிறது, 2i வட்டத்துக்குள் இருக்கிறது. நிபந்தனை உடைந்துவிட்டது.

வழி இதுதான். ஒவ்வொரு உள்துருவத்தையும் சுற்றி ஒரு சிறிய வட்டம் வரையுங்கள். இங்கே 1-ஐச் சுற்றி C₁, 2i-ஐச் சுற்றி C₂, இரண்டுக்கும் ஆரம் 1/2 என்று வைக்கலாம். இந்த அளவு போதுமா என்று பார்ப்போம். z = 1 என்ற துருவம் பெரிய வட்டத்தின் மையத்திலிருந்து √2 ≈ 1.414 தூரத்தில் இருப்பதால் விளிம்புக்கு இன்னும் 0.586 இடைவெளி இருக்கிறது. 2i-க்கு 1 இடைவெளி. 1-க்கும் 2i-க்கும் இடையே √5 ≈ 2.236. ஆகவே இரு சிறு வட்டங்களும் பெரியதற்குள் அடங்குகின்றன, ஒன்றையொன்று தொடவும் இல்லை.

பெரிய வட்டத்துக்கும் இந்தச் சிறு வட்டங்களுக்கும் இடைப்பட்ட பகுதியில் நம் பின்னம் முழுவதும் பகுமுறையானது. பெரிய வட்டத்திலிருந்து ஒவ்வொரு சிறு வட்டத்துக்கும் ஒரு வெட்டுக்கோடு போட்டால், அந்த இடைப்பகுதி துளையில்லாத ஒரே பரப்பாகிவிடும். அதன் எல்லையைச் சுற்றிய தொகை கோஷி தேற்றப்படி பூச்சியம். வெட்டுக்கோட்டில் ஒருமுறை போய் ஒருமுறை திரும்புவதால் அந்தப் பங்கு தானாக அடிபடுகிறது. மிஞ்சுவது:

∮_C = ∮_C₁ + ∮_C₂ (மூன்றும் இடஞ்சுழி)

சிறு வட்டங்களுக்குள் ஒவ்வொரு துருவம் மட்டுமே இருக்கிறது. ஆகவே இப்போது சூத்திரத்தைத் தாராளமாகப் போடலாம், ஒவ்வொரு வட்டத்துக்கும் வெவ்வேறு f-ஐ வைத்து.

C₁-க்கு (z−1)² கீழே நிற்கிறது, மற்ற எல்லாம் f:

f₁(z) = (z+1)/(z²+4)

C₂-க்கு (z − 2i) கீழே நிற்கிறது, மற்ற எல்லாம் f:

f₂(z) = (z+1)/[(z−1)²(z+2i)]

f₂-ல் (z+2i) இருப்பதைக் கவனியுங்கள். −2i வெளியே இருப்பதால் அதன் காரணியை விட்டுவிடலாம் என்று நினைப்பது இந்தப் பாடத்தில் நான் அதிகம் பார்க்கும் பிழை. வெளியே உள்ள துருவத்துக்காகத் தனியாக ஒரு பங்கு கூட்டுவதில்லை, அவ்வளவுதான். அதன் காரணி பின்னத்தின் ஒரு பகுதி; ஒவ்வொரு f-லும் அது இருந்தே ஆக வேண்டும்.

கணக்கு

C₁-ல் இரட்டைத் துருவம், எனவே வகைக்கெழு வேண்டும்:

f₁′(z) = [(z²+4) − 2z(z+1)]/(z²+4)² = (4 − 2z − z²)/(z²+4)²

f₁′(1) = (4 − 2 − 1)/25 = 1/25

∮_C₁ = 2πi · 1/25

இங்கே f₁(1) = 2/5-ஐப் போட்டுவிடுபவர்களும் உண்டு. பகுதியில் உள்ள அடுக்கு 2 என்றால் n = 1, அதாவது ஒரு வகைக்கெழு. அடுக்கு 3 என்றால் இரண்டு வகைக்கெழு, கூடவே 2!-ஆல் வகுத்தல்.

C₂-க்கு:

f₂(2i) = (1+2i)/[(2i−1)² · 4i]

(2i − 1)² = −4 − 4i + 1 = −3 − 4i. இதை 4i-ஆல் பெருக்கினால் −12i + 16, அதாவது 16 − 12i. ஆகவே

f₂(2i) = (1+2i)/(16−12i) = (1+2i)(16+12i)/400 = (−8+44i)/400 = (−2+11i)/100

∮_C₂ = 2πi · (−2+11i)/100

இரண்டையும் கூட்டினால்:

I = 2πi [4/100 + (−2+11i)/100] = 2πi (2+11i)/100 = π(−11+2i)/50

தோராயமாக −0.6912 + 0.1257i.

C₁, C₂-க்கு நாம் கண்ட 1/25, (−2+11i)/100 ஆகிய எண்களுக்குத்தான் அந்தந்தத் துருவத்தின் எச்சம், அதாவது ரெசிட்யூ, என்று பெயர். எச்சத் தேற்றம் என்று பின்னால் படிப்பது இதே வேலையின் சுருக்கம்.

பகுதிப் பின்னம் வழியே

சிறு வட்டங்களுக்குப் பதில் பின்னத்தையே உடைத்தும் செய்யலாம்:

(z+1)/[(z−1)²(z²+4)] = A/(z−1) + B/(z−1)² + D/(z−2i) + E/(z+2i)

இங்கே A = 1/25, B = 2/5, D = (−2+11i)/100, E = (−2−11i)/100. ஒவ்வொரு உறுப்பையும் பெரிய வட்டத்தின் மேலேயே தொகையிடலாம். A 2πi A-ஐத் தருகிறது. B-யின் உறுப்பு பூச்சியம் தருகிறது, ஏனென்றால் மாறிலியின் வகைக்கெழு பூச்சியம். D 2πi D-ஐத் தருகிறது. E-யின் உறுப்பு வட்டத்துக்குள் முழுவதும் பகுமுறையானது, எனவே பூச்சியம். அதே விடை வருகிறது. முந்தைய வழியில் f₁(1) = 2/5 ஏன் விடைக்குள் வரக்கூடாது என்பதும் இதில் கண்கூடாகத் தெரிகிறது: அது B, அதன் பங்கு பூச்சியம்.

எளிய துருவங்கள் இரண்டு மட்டும் இருந்து, மேலே eᶻ போன்ற சார்பு நிற்கும்போது இந்த வழி மிக வசதியானது. 1/[(z−1)(z−2)] = 1/(z−2) − 1/(z−1) என்பதால் ∮ eᶻ/[(z−1)(z−2)] dz என்பது |z| = 3-ல் நேரடியாக 2πi(e² − e). இரட்டைத் துருவம் வந்தால் கவனம் தேவை: மேலே eᶻ இருக்கும்போது B eᶻ/(z−1)² என்ற உறுப்பு பூச்சியம் ஆகாது, 2πi B e ஆகும். "வர்க்கம் உள்ள உறுப்பு பூச்சியம்" என்று மனப்பாடம் செய்தவர்கள் அங்கே சறுக்குவார்கள். தொகுதியின் வகைக்கெழு அந்தத் துருவத்தில் பூச்சியமானால் மட்டுமே அது பூச்சியம்; தொகுதி மாறிலியாக இருப்பது அதில் ஒரு வகை.

விடையைச் சரிபார்த்தல்

பகுதியின் படி, தொகுதியின் படியை விடக் குறைந்தது 2 அதிகமாக உள்ள விகிதமுறு சார்புக்கு எல்லாத் துருவங்களின் எச்சங்களையும் கூட்டினால் பூச்சியம் வரும். காரணம்: எல்லாத் துருவங்களையும் அடக்கும் R ஆர வட்டத்தில் சார்பின் அளவு 1/R²-ஐ ஒட்டியோ அதைவிட வேகமாகவோ குறைகிறது, வட்டத்தின் நீளமோ 2πR, R பெருகப் பெருகத் தொகை பூச்சியத்தை நோக்கிப் போகிறது. ஆனால் துருவங்களைத் தாண்டியபின் R-ஐ மாற்றினாலும் தொகை மாறாது. எனவே அது பூச்சியமாகவே இருக்க வேண்டும்.

நம் சார்பில் படி வேறுபாடு 3. கூட்டிப் பாருங்கள்: 4/100 + (−2+11i)/100 + (−2−11i)/100 = 0. சரி. இதைக் குறுக்குவழியாகவும் பயன்படுத்தலாம். வெளியே ஒரே ஒரு எளிய துருவம்தான் இருக்கிறது. ஆகவே உள்ளே உள்ள இரண்டின் கூட்டுத்தொகை, −2i-ன் எச்சத்துக்கு எதிர்க்குறி, அதாவது (2+11i)/100. வகைக்கெழுவே எடுக்காமல் விடை கிடைத்துவிடுகிறது. மேலே eᶻ இருந்தால் இந்தச் சோதனை செல்லாது. பெரிய வட்டத்தில் அது சிறியதாகாது.

இன்னொரு சோதனை: சார்பின் கெழுக்கள் எல்லாம் மெய்யாக இருந்து, வளைவரையும் மெய் அச்சுக்கு இருபுறமும் சமச்சீராக இருந்தால், தொகை முழுக்கக் கற்பனை எண்ணாக வர வேண்டும். நம் வட்டம் i-ஐ மையமாகக் கொண்டதால் சமச்சீர் இல்லை, மெய்ப்பகுதி வந்தது இயல்பே. |z| = 3/2 போன்ற வட்டத்தில் மெய்ப்பகுதி வந்தால் எங்கோ தவறு என்று உடனே தெரிந்துகொள்ளலாம்.

முக்கோணமும் நீள்வட்டமும்

வடிவத்தால் விடை மாறாது. எந்தத் துருவங்கள் உள்ளே என்பதால்தான் மாறும். −2−i, 3−i, 3i ஆகியவற்றை முனைகளாகக் கொண்ட முக்கோணத்தை எடுங்கள். துருவத்தின் உயரத்தில், அதாவது அதே y மதிப்பில், ஒரு கிடைக்கோடு வரைந்து அது முக்கோணத்தை எங்கே வெட்டுகிறது என்று பார்ப்பது எளிய வழி.

இடப்பக்கம் (−2, −1)-லிருந்து (0, 3) வரை: x = −2 + (y+1)/2. வலப்பக்கம் (3, −1)-லிருந்து (0, 3) வரை: x = 3 − 3(y+1)/4. அடிப்பக்கம் y = −1.

z = 1-க்கு y = 0: இடத்தில் −1.5, வலத்தில் 2.25, 1 இடையில் இருக்கிறது, எனவே உள்ளே. z = 2i-க்கு y = 2: இடத்தில் −0.5, வலத்தில் 0.75; x = 0 இடையில் இருக்கிறது, உள்ளே. z = −2i-க்கு y = −2; அடிப்பக்கத்துக்கும் கீழே, வெளியே. வட்டத்தில் இருந்த அதே இரண்டு துருவங்கள், எனவே அதே விடை π(−11+2i)/50. பக்கம் பக்கமாகத் தொகையிட வேண்டிய தேவையே இல்லை.

நீள்வட்டத்தை |z−1| + |z+1| = 4 என்று கொடுத்தால், இடப்பக்கம் குவியங்களிலிருந்து உள்ள தூரங்களின் கூட்டல். துருவத்தை அப்படியே போட்டுப் பாருங்கள். 1-க்கு 0 + 2 = 2, உள்ளே. ±2i-க்கு √5 + √5 ≈ 4.47, இது 4-ஐத் தாண்டுகிறது, வெளியே. ஆகவே விடை 2πi/25 மட்டும். இதையே குவியங்களை மாற்றி |z−2i| + |z+2i| = 4.4 என்று கொடுத்தால் நிலைமை தலைகீழ்: ±2i-க்குக் கூட்டல் 4, உள்ளே, 1-க்கு 2√5 ≈ 4.472, மயிரிழையில் வெளியே. விடை −2πi/25. 4.4-க்குப் பதில் 5 என்றால் மூன்றும் உள்ளே, விடை 0. ஒரே பின்னம், நீள்வட்டம் கொஞ்சம் பருத்ததும் விடை தாவுகிறது.

துருவம் வளைவரையின் மேலேயே இருந்தால்

|z| = 2 என்று கொடுத்தால் ±2i இரண்டும் வட்டத்தின் மேலேயே விழுகின்றன. அப்போது சூத்திரம் பொருந்தாது, சாதாரணப் பொருளில் தொகையும் இல்லை. |z| = 1.9-ல் விடை 2πi/25; |z| = 2.1-ல் விடை 0. நடுவில் 2-ல் எது என்ற கேள்விக்கு, துருவத்தின் இருபுறமும் சமமாக விலகி எடுக்கும் கோஷி முதன்மை மதிப்பு πi/25, அதாவது இரண்டின் சராசரி. வளைவரை கூர்முனையின்றி வழுவழுப்பாகச் செல்லும் இடத்தில் உள்ள எளிய துருவத்துக்கு மட்டுமே இந்தப் "பாதி" விதி செல்லும். வளைவின் கூர்முனையில் இருந்தால் பாதியாக இராது, அங்குள்ள கோணத்தைப் பொறுத்து மாறும். கணக்கில் முதன்மை மதிப்பு என்று சொல்லாதவரை, "துருவம் வளைவரையின் மேல் உள்ளது, தொகை வரையறுக்கப்படவில்லை" என்று எழுதுவதே சரியான விடை.

சுற்றும் திசையும் எண்ணிக்கையும்

வலஞ்சுழியாகச் சுற்றினால் முழு விடைக்கும் எதிர்க்குறி. z = i + 2eⁱᵗ என்பதில் t 0-லிருந்து 4π வரை போனால் இரண்டு சுற்று, விடை இரண்டு மடங்கு. எட்டு வடிவ வளைவரை என்றால் ஒரு கண்ணியில் இடஞ்சுழியாகவும் மற்றதில் வலஞ்சுழியாகவும் சுற்றுகிறது. ஒவ்வொரு துருவத்தின் பங்கையும் அதைச் சுற்றும் எண்ணிக்கையால், குறியோடு, பெருக்கிக் கூட்ட வேண்டும்.

முடிவில்லாத துருவங்கள்

1/(eᶻ − 1) போன்றவற்றில் காரணிப்படுத்த முடியாது; துருவங்கள் z = 2πik, k எல்லா முழு எண்களும். |z| = 7 என்றால் 2π ≈ 6.283 உள்ளே, 4π ≈ 12.57 வெளியே, ஆகவே 0, 2πi, −2πi என மூன்று. |z| = 6 என்றால் 0 மட்டும். f-ஐ எழுத, f(z) = (z−a)/(eᶻ−1) என்று வைத்து z → a எல்லையை எடுங்கள்; ஒவ்வொன்றுக்கும் 1 வருகிறது. |z| = 7-ல் விடை 6πi, |z| = 6-ல் 2πi. ஆனால் log z, √z போன்றவை மேலே நின்று, ஆதிப்புள்ளி வளைவரைக்குள் இருந்தால் இந்த முறையே செல்லாது. அங்கே இருப்பது துருவம் அல்ல, கிளைப்புள்ளி. அதைச் சுற்றி வந்தால் சார்பு பழைய மதிப்புக்குத் திரும்புவதில்லை.

எண்வழிச் சோதனை

வட்டத்தின் மேல் சம இடைவெளியில் புள்ளிகள் எடுத்துக் கூட்டினாலே மிகத் துல்லியமான மதிப்பு கிடைக்கும்:

```python
import numpy as np
n = 200
t = 2*np.pi*np.arange(n)/n
z = 1j + 2*np.exp(1j*t)
F = (z+1)/((z-1)**2*(z**2+4))
print(np.sum(F*2j*np.exp(1j*t))*2*np.pi/n)
print(np.pi*(-11+2j)/50)
```

`2j*np.exp(1j*t)` என்பது dz/dt. அதை விட்டுவிட்டால் தொடர்பே இல்லாத எண் வரும். இங்கே 200 புள்ளிகள் தாராளம். துருவம் வட்டத்தை ஒட்டி இருந்தால் அதிகம் வேண்டும்: |z| = 1.99-ல் ஆரத்துக்கும் ±2i-ன் தூரத்துக்கும் உள்ள விகிதம் 1.99/2 = 0.995, பிழை ஏறத்தாழ 0.995ⁿ வேகத்தில்தான் குறையும், எனவே பத்துத் தசமத் துல்லியத்துக்கு n 5000 அளவில் இருக்க வேண்டும்.

கையால் போட்ட விடை இதனுடன் ஒத்துப்போகவில்லை என்றால், கழித்துக் கிடைக்கும் வேறுபாட்டை 2πi-ஆல் வகுத்துப் பாருங்கள். உதாரணமாக 2i-ஐ வெளியே என்று தவறாக நினைத்து 2πi/25 ≈ 0.2513i என்று முடித்திருந்தால், சரியான மதிப்பிலிருந்து அதைக் கழிக்கும்போது −0.6912 − 0.1257i வரும்; 2πi-ஆல் வகுத்தால் −0.02 + 0.11i. இது 2i-ன் எச்சமேதான், விட்டுப்போன துருவம் தானே தன் பெயரைச் சொல்லிவிடுகிறது. வேறுபாடு எந்த எச்சத்துடனும், எச்சங்களின் எந்தக் கூட்டல் கழித்தலுடனும் பொருந்தவில்லை என்றால் உள்ளே-வெளியே முடிவு பெரும்பாலும் சரி. பிழை f-ன் மதிப்பிலோ வகைக்கெழுவிலோ இருக்கிறது, அங்கே தேடுங்கள்.